பயிற்சி மாணவர்களுக்குத் துறைத் தலைவரின் வரவேற்புரை: ஐந்து நிமிடத்தைத் தயாரிப்பது எப்படி?

துறைத் தலைவராகப் பொறுப்பேற்ற சில மாதங்களில் மனிதவளப் பிரிவிலிருந்து ஒரு மின்னஞ்சல் வரும். “அடுத்த திங்கட்கிழமை உங்கள் பிரிவுக்கு 5 பயிற்சி மாணவர்கள் வருகிறார்கள். காலையில் வரவேற்று இரண்டு வார்த்தை பேசவும்.” அந்த இரண்டு வார்த்தையை எப்படி எழுதுவது, எப்படிப் பேசுவது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன். முதல் முறையாக இந்தப் பொறுப்பு வந்தவர்களுக்காக எழுதுகிறேன். கோலாலம்பூரில் ஒரு தமிழ் ஊடக நிறுவனத்தின் செய்திப் பிரிவை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்கிறேன். நான் வேலை செய்யும் உலகம் அது. உங்கள் அலுவலகம் கணக்காய்வு நிறுவனமாகவோ பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையாகவோ இருந்தால் மேசைகளின் பெயர் மாறும், உரையின் அமைப்பு மாறாது.

எழுத உட்காரும் முன் ஒன்றைத் தீர்மானித்துக்கொள்ளுங்கள். முதல் நாள் காலையில் ஒரு பயிற்சி மாணவரின் மனத்தில் இருப்பவை சின்னக் கேள்விகள். இவரை எப்படிக் கூப்பிடுவது? நான் எங்கே உட்கார வேண்டும்? எத்தனை மணிக்குக் கிளம்பலாம்? சாப்பாட்டுக்கு யாரோடு போவது? லாக் புக்கில் யார் கையெழுத்துப் போடுவார்? ஏதாவது தப்பாக நடந்தால் யாரிடம் சொல்வது? இவற்றில் ஒன்றைக்கூட அவர்கள் வாய்விட்டுக் கேட்க மாட்டார்கள். அவர்கள் கேட்கத் தயங்குவதை நீங்களே முன்வந்து சொல்லிவிடுவதுதான் வரவேற்புரை. நிறுவனம் எப்போது தொடங்கப்பட்டது, எத்தனை விருது வாங்கியது என்பதையெல்லாம் நேர்முகத்துக்கு வருமுன்பே அவர்கள் கைப்பேசியில் படித்திருப்பார்கள்.

மூன்று நாளைக்கு முன்: பட்டியலும் பெயர்களும்

மனிதவளப் பிரிவிடம் பட்டியல் கேளுங்கள். பெயர், பல்கலைக்கழகம், படிப்பு, தொடங்கும் நாள், முடியும் நாள், பல்கலைக்கழகத்தின் மேற்பார்வையாளர் யார் என்பது வரை இருக்க வேண்டும். முடியும் நாளைக் கட்டாயம் பாருங்கள். தொழில்துறைப் பயிற்சியின் காலம் எல்லாப் பல்கலைக்கழகத்திலும் ஒன்றாக இருக்காது. ஒருவர் 12 வாரத்துக்கு வருவார், பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் 24 வாரத்துக்கு வந்திருப்பார். “இந்த ஆறு மாதமும் நீங்கள்...” என்று பொதுவாகத் தொடங்கினால், 12 வாரக்காரர் அப்போதே தனக்கு இந்த உரை இல்லை என்று நினைத்துக்கொள்வார்.

அடுத்தது பெயர்கள். இதற்கு ஒரு மணி நேரம் செலவழித்தாலும் தகும். பட்டியல் ரோமன் எழுத்தில் வரும். நம் பெயர்களில் லகரம், ளகரம், ழகரம் மூன்றும் அங்கே ஒரே ‘எல்’ எழுத்தாகத்தான் இருக்கும். ணகரமும் நகரமும் அப்படியே. நெடிலா குறிலா என்பதும் தெரியாது. ஆகவே யூகிக்க வேண்டாம். ஒவ்வொருவருக்கும் ஒரு வாட்ஸ்அப் அனுப்பி, “உங்கள் பெயரை ஒரு முறை குரல் பதிவாகச் சொல்லி அனுப்ப முடியுமா? எப்படிக் கூப்பிட்டால் உங்களுக்குப் பிடிக்கும் என்பதையும் சொல்லுங்கள்” என்று கேளுங்கள். கேட்டதை உங்கள் உரைக் குறிப்பு அட்டையில் தமிழ் எழுத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பதில் அனுப்பும்போதே அந்த மாணவருக்குப் பாதித் தயக்கம் போய்விடும்.

பட்டியலில் உள்ளதை அப்படியே முழுதாக வாசிக்காதீர்கள். ‘அனாக் லெலாக்கி’, ‘அனாக் பெரெம்புவான்’ என்பதன் சுருக்கமும் அதன் பின்னால் தந்தை பெயரும் அடையாள அட்டைக்கு உரியவை, மேடைக்கு வேண்டியதில்லை. தந்தை பெயரைச் சொல்லிக்கொள்ள விரும்பாத பிள்ளைகளும் இருப்பார்கள். மலாய்க்கார மாணவர் இருந்தால் ‘பின்’, ‘பிந்தி’க்கு முன்னால் இருப்பதுதான் அவர் பெயர். சீன மாணவர் என்றால் முதலில் வருவது பெரும்பாலும் குடும்பப் பெயர். அதை மட்டும் சொல்லிக் கூப்பிடுவது சரியாக இராது, பின்னால் வரும் பெயரைச் சொல்லுங்கள். இங்கேயும் அவரிடமே கேட்டுவிடுவது நல்லது.

மொழி பற்றியும் இப்போதே முடிவு செய்யுங்கள். தமிழ் நிறுவனம்தானே என்று இருந்துவிடக் கூடாது. வரைகலை மேசைக்கோ தொழில்நுட்ப மேசைக்கோ தமிழ் தெரியாத ஒருவர் வரலாம். அப்படி ஒருவர் இருந்தால் அவருக்கு ‘செலாமாட் டாத்தாங்’ சொல்லி, அவர் எங்கே உட்கார்வார், யாரைப் பார்க்க வேண்டும், எத்தனை மணிக்குக் கிளம்பலாம் என்ற மூன்றை மட்டும் உரைக்குள்ளேயே மலாயில் சொல்லிவிடுங்கள். முழு உரையையும் இரண்டு மொழியில் பேசினால் நேரம் இரட்டிப்பாகும், இரண்டு பக்கமும் கவனம் சிதறும். மீதியை அவர் மேசையின் மூத்தவர் பிறகு எடுத்துச் சொல்லட்டும்.

நேரமும் இடமும்

9 மணிக்கு வைக்காதீர்கள். முதல் நாளில் ஒருவராவது கேஎல் சென்ட்ரலில் தவறான நடைமேடையில் நின்றுகொண்டிருப்பார். மனிதவளப் பிரிவின் படிவங்கள் முடிந்து, தண்ணீர் குடித்து, 10 மணிக்கு வைத்தால் எல்லாரும் இருப்பார்கள். பெரிய அரங்கம் வேண்டாம். செய்திக் கூட்டம் நடக்கும் அதே மேசையைச் சுற்றி உட்காரவையுங்கள், ஒலிவாங்கி இல்லாமல் பேசுங்கள். ஊழியர்களை ஒரு பக்கமும் மாணவர்களை எதிர்ப்பக்கமும் வைக்காமல், ஒவ்வொரு மாணவர் பக்கத்திலும் அவரைப் பார்த்துக்கொள்ளப்போகும் மூத்தவரை உட்காரவையுங்கள். உரையில் அவர் பெயர் வரும்போது மாணவர் தலையைத் திருப்பினால் போதும்.

நீளம் 5 நிமிடம். நிதானமாகத் தமிழ் பேசினால் நிமிடத்துக்கு 90 அல்லது 100 சொல் போகும். அப்படியானால் நீங்கள் எழுத வேண்டியது 450 சொல்லுக்குக் கொஞ்சம் கூட, குறைய. கைப்பேசியில் ஒரு நிமிடம் பேசிப் பதிவு செய்து, உங்கள் வேகம் எவ்வளவு என்று எண்ணிப் பாருங்கள்.

விளிப்பு

மலேசிய மேடைப் பழக்கத்தில் விளிப்பே இரண்டு நிமிடத்தைத் தின்றுவிடும். இந்த அறையில் அதற்கு அவசியம் இல்லை. பட்டம் பெற்றவர் யாராவது வந்திருந்தால் உயர்ந்த பட்டத்திலிருந்து வரிசையாகச் சொல்லுங்கள்: டான்ஶ்ரீ இருந்தால் அவருக்குப் பிறகே டத்தோ. ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டு மாணவர்களிடம் வாருங்கள். மேற்கோளோடு தொடங்கும் வழக்கமும் இங்கே உதவாது, முதலில் நீங்கள் யார் என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

எங்கள் எடுத்துக்காட்டு உரை இப்படித் தொடங்கும்:

“அனைவருக்கும் வணக்கம். நம் நிர்வாக ஆசிரியர் டத்தோ அவர்களே, செய்திப் பிரிவு நண்பர்களே, இன்று நம்மோடு இணையும் ஐவரே, உங்களை அன்போடு வரவேற்கிறேன். நான் இந்தப் பிரிவின் தலைவர். இங்கே எல்லாரும் என்னை அக்கா என்று கூப்பிடுவார்கள், நீங்களும் அப்படியே கூப்பிடலாம். மின்னஞ்சலில் மட்டும் திருமதி போட்டுப் பெயரை எழுதுங்கள், அதன் நகல் வெளியாருக்கும் போகும்.”

எப்படிக் கூப்பிடுவது என்பதைச் சொல்லாமல் விட்டால், சில மாணவர்கள் வாரக்கணக்கில் உங்களைக் கூப்பிடவே மாட்டார்கள். பக்கத்தில் வந்து நின்று, நீங்கள் நிமிர்ந்து பார்க்கும் வரை காத்திருப்பார்கள். சார், மேடம், ஐயா, அண்ணன், அக்கா எதுவானாலும் சரி, நீங்களே சொல்லிவிடுங்கள். நீங்கள் அவர்களை ‘நீங்கள்’ என்றே பேசுங்கள். பழகிய பின் ‘வாப்பா, போம்மா’ தானாக வரும். பிற ஊழியர்கள் கேட்டுக்கொண்டிருக்கும் முதல் உரையில் நீங்கள் எந்த மரியாதையைக் கொடுக்கிறீர்களோ, அதைத்தான் நாளை அவர்களும் கொடுப்பார்கள்.

ஒவ்வொருவருக்கும் ஒரு வாக்கியம்

அடுத்து அறிமுகம். மாணவர்களை எழுந்து நின்று தங்களைப் பற்றிச் சொல்லச் சொல்லாதீர்கள். முதல் நாளில் அது பரீட்சை மாதிரி ஆகிவிடும், கூச்சம் உள்ளவர் அதற்குப் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் கேட்க மாட்டார். நீங்களே அறிமுகப்படுத்துங்கள். ஒரு வாக்கியத்தில் மூன்று விஷயம் வர வேண்டும்: எங்கிருந்து வந்தார், எவ்வளவு காலம் இருப்பார், எந்த மேசை.

“முதலில் இவர்”, பெயரைச் சொல்லுங்கள், “மலாயாப் பல்கலைக்கழகத்தின் இந்திய ஆய்வியல் துறையிலிருந்து வருகிறார். 12 வாரம் நம்மோடு இருப்பார். மொழிபெயர்ப்பு மேசையில், இப்போது பக்கத்தில் இருக்கும் நம் மூத்த துணையாசிரியரோடு உட்கார்வார்.”

தேர்ச்சிப் புள்ளி, வாங்கிய பரிசு, யாருடைய சிபாரிசு, யாருக்கு உறவு என எதையும் சொல்லாதீர்கள். ஐவரில் ஒருவருக்கு மட்டும் புகழ்மாலை போட்டால் மற்ற நால்வரும் பின்னால் நிற்பதாக உணர்வார்கள், புகழப்பட்டவருக்கும் அது சுமைதான்.

வேலையைக் காட்டுவது

‘எங்கள் பிரிவின் நோக்கம்’ என்று தொடங்கும் பத்தி யாருக்கும் நினைவில் நிற்காது. ஒரு வேலை காலையிலிருந்து இரவு வரை எப்படி நகர்கிறது என்று காட்டுங்கள். எங்கள் பிரிவில் அது ஒரு செய்தி:

“நேற்று நம் மூன்றாம் பக்கத்தில் வந்த வெள்ளச் செய்தியை எடுத்துக்கொள்வோம். காலைக் கூட்டத்தில் அது ஒரு வரியாக இருந்தது. பெர்னாமாவின் மலாய்ச் செய்தி வந்தது, மொழிபெயர்ப்பு மேசை அதைத் தமிழாக்கியது. செய்தியாளர் அந்த வட்டாரத்துக்குப் போன் போட்டு, துயர் துடைப்பு மையத்தில் எத்தனை குடும்பம் என்று மறுபடி கேட்டார். எண் மாறியிருந்தது. துணையாசிரியர் அதைத் திருத்தினார். மாலையில் பக்கம் வடிவமைக்கப்பட்டு, எழுத்துப்பிழை பார்க்கப்பட்டு, 9 மணிக்கு அச்சுக்குப் போனது. இந்த ஐந்து இடத்தில் ஏதோ ஓர் இடத்தில் நீங்கள் இருப்பீர்கள். முதல் மூன்று நாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நான்காம் நாள் நான்கு வரிச் செய்தி ஒன்றை உங்களிடம் தருவோம். நீங்கள் எழுதுவது சிவப்பு மையோடு திரும்பி வரும். இங்கே எல்லாருடையதும் அப்படித்தான் திரும்பி வருகிறது, என்னுடையதும் சேர்த்து.”

உரையிலேயே நீளமான பத்தி இதுவாக இருக்கலாம். உங்கள் பிரிவில் நேற்று உண்மையில் நடந்த ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். கற்பனையாகச் சொன்னால் மேசையைச் சுற்றி இருக்கும் ஊழியர்களின் முகத்திலேயே அது தெரிந்துவிடும். நாள் கணக்கோடு சொல்வதும் முக்கியம். ‘போகப் போகக் கற்றுக்கொள்வீர்கள்’ என்றால், இரண்டாம் நாள் சும்மா உட்கார்ந்திருக்கும் மாணவர் தன்னை யாரும் மதிக்கவில்லை என்று எண்ணிக்கொள்வார். மூன்று நாள் பார்ப்பதுதான் வேலை என்று தெரிந்தால் நிம்மதியாகப் பார்ப்பார்.

விதிமுறைகள் மூன்றுக்கு மேல் வேண்டாம், ஒவ்வொன்றுக்கும் காரணம் சேர்த்துச் சொல்லுங்கள். மீதியைத் தாளில் கொடுக்கலாம். எங்கள் உரையில் இவை: “அச்சுக்குப் போகாத பக்கத்தைப் படம் எடுத்து இன்ஸ்டாகிராமில் போடாதீர்கள். வெளியிடும் நேரம் குறித்து நம்மை நம்பி அனுப்பப்பட்ட அறிக்கைகள் அதில் இருக்கும். வர முடியாத நாளில் 9 மணிக்கு முன் உங்கள் மூத்தவருக்குச் செய்தி அனுப்புங்கள், அவர் உங்களை நம்பித்தான் வேலையைப் பிரித்திருப்பார். மாலை 6 மணிக்குக் கிளம்புங்கள். பக்கம் முடியவில்லை என்று நாங்கள் ஓடிக்கொண்டிருந்தாலும் நீங்கள் கிளம்பலாம், யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.”

அந்தக் கடைசி வாக்கியத்தை விடாதீர்கள். தலைவர் எழுந்திருக்கும் வரை தானும் எழுந்திருக்கக் கூடாது என்று நம்பி, வேலை இல்லாமல் இரவு 8 மணி வரை திரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் பல அலுவலகங்களில் உண்டு.

யாரிடம் போவது

இந்தப் பகுதியைத்தான் பெரும்பாலான வரவேற்புரைகள் விட்டுவிடுகின்றன. “எந்தப் பிரச்சினை என்றாலும் என்னிடம் வாருங்கள்” என்று சொன்னால் போதும் என்று நினைக்கிறோம். ஆனால் பயிற்சி முடிவில் பல்கலைக்கழகம் அனுப்பும் மதிப்பீட்டுப் படிவத்தில் மதிப்பெண் போடுவது யார்? நீங்களோ உங்கள் கீழ் இருக்கும் மூத்தவரோதான். தொந்தரவு அந்த மூத்தவரிடமிருந்தே வந்தால் மாணவர் என்ன செய்வார்? மதிப்பெண் போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டு வாரங்களை எண்ணுவார். ஆகவே மதிப்பீட்டில் கையெழுத்துப் போடாத இரண்டாவது ஒருவரை, முன்கூட்டியே அவர் சம்மதம் வாங்கி, உரையில் பெயர் சொல்லிக் காட்டுங்கள். அவர் அன்று அறையில் இருக்க வேண்டும். முடிந்தால் பெண்ணாக இருப்பது நல்லது.

சட்டமும் இதைத் தொட்டுத்தான் நிற்கிறது. 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தம் 2023 ஜனவரி 1இல் நடப்புக்கு வந்தது. பாலியல் தொல்லை பற்றிய விழிப்புணர்வு அறிவிப்பை வேலையிடத்தில் கண்ணில் படும்படி ஒட்டிவைப்பது அதிலிருந்து முதலாளியின் கடமை. உங்கள் அலுவலகத்தில் அது எங்கே இருக்கிறது என்று முதலில் நீங்கள் போய்ப் பாருங்கள். அச்சு இயந்திரத்துக்குப் பின்னால் மறைந்திருந்தால் திங்கட்கிழமைக்கு முன் இடம் மாற்றச் சொல்லுங்கள். பிறகு உரையில்:

“வேலையில் சந்தேகம் என்றால் உங்கள் மூத்தவரிடம் கேளுங்கள். அவர் இல்லாவிட்டால் என்னிடம் வாருங்கள். லாக் புக்கில் வெள்ளிக்கிழமை பிற்பகல் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள், வாரக்கணக்கில் சேர்த்துவைக்க வேண்டாம். யாராவது உங்களிடம் தகாத முறையில் பேசினாலோ நடந்துகொண்டாலோ, அது இந்தப் பிரிவில் யாராக இருந்தாலும், நானாகவே இருந்தாலும், மனிதவளப் பிரிவில் இருக்கும் இவரிடம் நேராகப் போங்கள். உங்கள் மதிப்பீட்டில் அவருக்குத் தொடர்பில்லை. உங்கள் பல்கலைக்கழக மேற்பார்வையாளரிடமும் சொல்லலாம். அதற்கு எங்கள் அனுமதி வேண்டியதில்லை. அறிவிப்பு பேன்ட்ரி கதவுக்குப் பக்கத்தில் இருக்கிறது, அவருடைய எண்ணும் அதில் உண்டு.”

இதைக் குரலைத் தாழ்த்தியோ சங்கடமான சிரிப்போடோ சொல்லாதீர்கள். லாக் புக் பற்றிச் சொன்ன அதே குரலில் சொல்லுங்கள். சங்கடத்தோடு சொன்னால் கேட்பவருக்கு ‘இது சும்மா சடங்குக்கு’ என்று படும்.

இதே காரணத்துக்காக ‘நாமெல்லாம் ஒரே குடும்பம்’, ‘இது உங்கள் இரண்டாவது வீடு’ என்ற வாக்கியங்களை நான் எடுத்துவிடச் சொல்வேன். சொல்பவரின் அன்பு உண்மைதான். ஆனால் குடும்பம் என்று சொன்னபின் ஒரு பெரியவரைப் பற்றிப் புகார் சொல்வதும், நேரமாயிற்று என்று கிளம்புவதும் அந்தப் பிள்ளைக்குக் கஷ்டமாகிவிடும். ‘பயிற்சி முடிந்ததும் இங்கேயே வேலை’ என்ற பேச்சையும் தவிருங்கள். பதவிகளைத் திறப்பது உங்கள் கையில் மட்டும் இல்லை. இந்த ஒரு வரியை நம்பி வேறு இடத்துக்கு விண்ணப்பிக்காமல் இருந்துவிடுவார்கள். அலவன்ஸ் தொகையையும் எல்லார் முன்னும் சொல்ல வேண்டாம், “மனிதவளப் பிரிவு இன்று பிற்பகல் தனித்தனியாகச் சொல்லும்” என்றால் போதும்.

முடிப்பும் அதற்குப் பிறகும்

உரையை வாழ்த்தோடு நீட்டாமல் அடுத்த செயலோடு முடியுங்கள்: “உங்களை வரவேற்பதில் எங்களுக்கு மிகவும் மகிழ்ச்சி. இப்போது உங்கள் மூத்தவரோடு மேசைக்குப் போங்கள். இன்று 1 மணிக்கு எல்லாரும் சேர்ந்து கீழே வாழையிலைச் சாப்பாட்டுக்குப் போகிறோம், இன்றைய செலவு பிரிவுடையது. வாருங்கள்.” சைவமா, ஹலால் உணவு வேண்டுமா என்பதை அந்த வாட்ஸ்அப் செய்தியிலேயே கேட்டிருந்தால் கடையைத் தேர்ந்தெடுப்பது சுலபம்.

“கேள்வி ஏதாவது உண்டா?” என்று எல்லார் முன்னும் கேட்டால் அமைதிதான் பதிலாக வரும். அதைப் புரிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். சாப்பாட்டு மேசையிலோ மறுநாளோ அவர்கள் யாரிடம் என்ன கேட்கிறார்கள் என்று கவனியுங்கள். செவ்வாய்க்கிழமை ஒரு மாணவர் வரவேற்பு முகப்பில் இருப்பவரிடம் போய், “எத்தனை மணிக்குக் கிளம்பலாம்?” என்று கேட்டால், உங்கள் உரையில் அந்த வரி விழவில்லை, அல்லது மிக வேகமாகப் போய்விட்டது. வெள்ளிக்கிழமை லாக் புக்கில் கையெழுத்துப் போடும்போது ஒவ்வொருவரிடமும், “திங்கட்கிழமை நான் சொன்னதில் எது தெளிவாக இல்லை?” என்று தனியாகக் கேளுங்கள். வரும் பதிலை அந்த அட்டையின் பின்பக்கத்தில் குறித்துவையுங்கள். அடுத்த குழு வரும்போது திருத்த வேண்டிய இடம் அங்கே இருக்கும். இரண்டாவது நபராக நீங்கள் காட்டியவர் வேலை மாறிப் போயிருந்தால், உரையில் மட்டுமல்லாமல் பேன்ட்ரி கதவுக்குப் பக்கத்தில் இருக்கும் அறிவிப்பிலும் பெயரையும் எண்ணையும் மாற்ற வேண்டும்.